எடை சரியாகத்தான் இருக்கிறது, தொப்பை மட்டும் ஏன்?

டாக்டர், எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 69 கிலோ. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் பெரிது. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 96 செ.மீ. போன மாத ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரி 5.9, ட்ரைகிளிசரைடு 228, நல்ல கொழுப்பு 36, இன்சுலின் 18. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1. "இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்" என்கிறார்கள். இன்சுலின் அதிகம் இருந்தால் நல்லதுதானே? அது எப்படிக் கொழுப்பைச் சேர்க்கும்? நான் இனிப்பே தொடுவதில்லை. காலை 5 இட்லி, 11 மணிக்கு டீயும் பிஸ்கெட்டும், மதியம் சாதம், மாலை டீயும் பஜ்ஜியும், இரவு பத்து மணிக்கு தோசை. நாளைக்கு நாலு டீ. என்ன செய்தால் மாறும்? என் 13 வயது மகளுக்கும் என்னைப் போலவே பின்கழுத்து கறுத்திருக்கிறது. அதுவும் இதனாலா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் முதலில் நின்றது அந்த 18-இல்தான். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த உடம்புக்குக் கொஞ்சம் இன்சுலின் போதும். நன்றாக வேலை செய்யும் உடம்பில் காலையில் ஐந்தோ ஆறோ இருக்கும். அதிலேயே சர்க்கரை 90-க்குள் நின்றுவிடும். உங்கள் கணையம் அதைப்போல் மூன்று மடங்கு சுரந்தும் சர்க்கரை 108-இல் இருக்கிறது. ஒரே வேலையைச் சொல்ல மூன்று முறை கத்த வேண்டியிருக்கிறது என்றால், கத்துபவரிடம் பலம் அதிகம் என்று நாம் சொல்வதில்லை. கேட்பவருக்குக் காது மந்தம் என்றுதான் சொல்வோம். இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்பது இந்தக் காது மந்தம்தான்.

இதை ஓர் எண்ணாகவும் பார்க்கலாம். நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் சொல்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். 108-ஐ 18-ஆல் பெருக்கி வகுத்தால் 4.8 வருகிறது. ஏறக்குறைய 2.5-ஐத் தாண்டினாலே நாங்கள் சந்தேகப்படுவோம். ஆனால் இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும். காய்ச்சல், சரியாகத் தூங்காத இரவு, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே அதைக் கூட்டிக் காட்டும். அதனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் நான் முடிவு சொல்வதில்லை. காசு குறைவான இன்னொரு தடயம் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ட்ரைகிளிசரைடை நல்ல கொழுப்பால் வகுத்துப் பாருங்கள்: 6.3. அது 3-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். இத்துடன் இந்திய ஆண்களுக்கான இடுப்பு வரம்பான 90 செ.மீ.யை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள், கல்லீரலில் கொழுப்பும் இருக்கிறது. நான்கும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

இனி, கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து விவசாய வீட்டில் நெல் போட்டு வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் உடம்பின் குதிர். தொடையில், இடுப்புப் பக்கத்தில், கையில் அது இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. சேமிப்புக்கென்றே இருக்கும் இடம் அது. அறுவடை வந்துகொண்டே இருந்து குதிர் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? நெல் திண்ணைக்கு வரும், நடைக்கு வரும், கடைசியில் அடுப்படியிலும் கொட்டிக் கிடக்கும். அடுப்படியில் நெல் கிடந்தால் சமையல் நடக்காது. உடம்பில் அந்த அடுப்படி கல்லீரல். அதற்கு அடுத்தது தசை.

நம்மவர்களுக்குக் குதிர் சிறியது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். எடை எந்திரம் இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும். உங்கள் பிஎம்ஐ 24.4, பழைய பொது அட்டவணையில் அது "நார்மல்". நமக்கு 23-க்கு மேலேயே அதிக எடை என்று வைத்துக்கொள்கிறோம். "எடை சரியாகத்தான் இருக்கிறது" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் பார்த்தது அந்தப் பழைய அட்டவணையாக இருக்கும்.

கல்லீரலுக்கு வருவோம். சாப்பிட்டதும் இன்சுலின் அதற்கு இரண்டு கட்டளைகள் அனுப்புகிறது. ஒன்று: "வெளியிலிருந்து சர்க்கரை வந்துவிட்டது, நீ செய்து அனுப்புவதை நிறுத்து." இரண்டு: "மிஞ்சும் சர்க்கரையைக் கொழுப்பாக்கு." கொழுப்பு ஏறிய கல்லீரலுக்கு முதல் கட்டளைதான் காதில் விழுவதில்லை. அதனால் ராத்திரியெல்லாம் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது; காலையில் எதுவும் சாப்பிடாமலே 108 வருகிறது. கணையம் சும்மா இருக்குமா? குரலை உயர்த்துகிறது. இரண்டாவது கட்டளை மட்டும் நன்றாகவே கேட்கிறது. இன்சுலின் ஏற ஏற, கொழுப்பு செய்யும் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. அப்படிச் செய்த கொழுப்பில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது, மீதி ரத்தத்தில் ட்ரைகிளிசரைடாக வெளியே வருகிறது. உங்கள் 228-இன் பிறப்பிடம் இதுதான். நீங்கள் நெய்யும் எண்ணெயும் குறைத்தும் அது இறங்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை; அது பெரும்பாலும் சாதத்திலிருந்தும் டீச் சர்க்கரையிலிருந்தும் வந்த கொழுப்பு.

தசையிலும் இதே கதைதான். சாப்பிட்ட பின் ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை அதிகமாக வாங்கி வைக்க வேண்டியது தசை. தசை அணுவின் உள்ளே சின்னச் சின்ன வாசல் கதவுகள் காத்திருக்கும். இன்சுலின் சொன்னால் அவை மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். தசைக்குள் கொழுப்பு சேர்ந்தால் இந்தச் சொல் உள்ளே போய்ச் சேராமல் பாதியில் மங்கிவிடுகிறது. தசை வாங்காத சர்க்கரை மறுபடி கல்லீரலுக்குத்தான் போகும், அங்கே கொழுப்பாகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சுற்றுகிறது. "இன்சுலின் இருக்கிறவரை கொழுப்பு பூட்டியே கிடக்கும், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் கரையாது" என்பது பாதி உண்மை. சாப்பிட்டுச் சில மணி நேரம் வரை இன்சுலின் கொழுப்பு அணுவைப் பூட்டி வைப்பது உண்மைதான். காலையிலிருந்து இரவு பத்து மணிவரை இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது உள்ளே போனால் அந்தப் பூட்டு திறக்க நேரமே கிடைக்காது. ஆனால் இன்சுலின் ஒன்றுமில்லாததிலிருந்து கொழுப்பைப் படைப்பதில்லை. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உணவு வந்தால், ரெசிஸ்டன்ஸ் உள்ளவருக்கும் கொழுப்பு வெளியே வரத்தான் செய்யும். இன்னொன்று, நிரம்பி வீங்கிய கொழுப்பு அணுக்களுக்கும் நாளடைவில் காது மந்தமாகிறது. அப்போது பூட்டே கசியத் தொடங்கி, கொழுப்பு ரத்தத்தில் ஒழுகிக் கல்லீரலுக்கும் தசைக்கும் வயிற்றுக்குள்ளும் போகிறது. ஆகவே உங்களிடம் நடந்திருப்பது கொழுப்பு மலைபோல் பெருகியது அல்ல. இருக்க வேண்டிய இடம் போதாமல், இருக்கக் கூடாத இடத்துக்குப் போனது. ஒல்லிக் கையும் தொப்பையும் சேர்ந்து இருப்பதன் காரணம் அதுதான்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. கடைசியாக வந்து அடுப்படியில் கொட்டிய நெல்தான் முதலில் வெளியே போகும். இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராய் டெய்லர் 2011-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சர்க்கரை நோய் வந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. அந்த 600 கலோரியை நீங்கள் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. கல்லீரல் எவ்வளவு சீக்கிரம் செவி திறக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவை 69 கிலோவிலிருந்து நான்கைந்து கிலோ குறைவது. அதையும் நான்கைந்து மாதத்தில் நிதானமாகச் செய்தால் போதும்.

இப்போது உங்கள் தட்டைப் பார்க்கலாம். இனிப்பே தொடுவதில்லை என்கிறீர்கள். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை. ஒரு லட்டைத் தட்டில் வைத்தால் இனிப்பு என்று தெரிகிறது, டீக்குள் போனால் தெரிவதில்லை. முதல் வேலை இதுதான்: இரண்டு வாரத்தில் ஸ்பூனை ஒவ்வொன்றாகக் குறைத்து சர்க்கரை இல்லாத டீக்கு வந்துவிடுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொண்டால் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வேலை மதியச் சாதம். 100 கிராம் வெந்த சாதத்தில் 28 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. நம் ஓட்டல் அளவுச் சாப்பாட்டில் 300 கிராமுக்கு மேல் சாதம் தாராளமாக விழும். அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாள் சமையல் தராசில் உங்கள் வழக்கமான சாதத்தை நிறுத்துப் பாருங்கள். பிறகு அதில் பாதியை வையுங்கள். எடுத்த பாதியின் இடத்தில் பொரியலும் கூட்டும் இரண்டு மடங்காக வரட்டும், கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். முதலில் அவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வாருங்கள். அப்படிச் செய்தால் அதே சாதத்துக்கு ரத்தச் சர்க்கரை அவ்வளவு உயரப் போகாது. காலையில் ஐந்து இட்லி மூன்றாகட்டும், கூட முட்டையோ கெட்டிச் சாம்பாரோ வரட்டும். 11 மணி பிஸ்கெட்டையும் மாலை பஜ்ஜியையும் விட்டுவிட்டாலே பூட்டு திறக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

ஆனால் உங்கள் கதையில் நான் அதிகம் யோசித்தது இரவு பத்து மணித் தோசையைப் பற்றி. பத்துக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால், சாப்பாட்டின் சர்க்கரை ரத்தத்துக்கு வரும் நேரத்தில் தசை முழுக்க ஓய்வில் இருக்கும். ஷிப்மென்ட் நாட்களில் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்து சாப்பிடும் பழக்கத்தை மாற்றி, ஏழரைக்கு அலுவலகத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வேண்டுமானால் ஒரு டம்ளர் மோர் போதும்.

உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் கலோரிக் கணக்குப் போடுகிறார்கள். இந்த நோய்க்கு அதன் பயன் வேறு. தசை சுருங்கும்போது, இன்சுலின் சொல்லாமலே அந்த வாசல் கதவுகள் மேலே வந்துவிடுகின்றன. காது மந்தமானவரைத் தோளைத் தட்டி எழுப்புவது மாதிரி. ஒரு முறை நன்றாக வேலை வாங்கினால் தசையின் கேட்கும் திறன் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை கூடியே இருக்கும், பிறகு மங்கும். வாரக் கடைசியில் மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவருக்குப் பலன் குறைவதன் காரணம் இதுதான். எனவே இரண்டு விஷயம் கேட்கிறேன். மதியமும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள் 15 நிமிடம் நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். அடுத்தது, வாரம் மூன்று நாள் தசைக்குப் பளு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. ஒல்லிக் கை கால் உள்ளவருக்கு இது நடையைவிட முக்கியம், ஏனென்றால் சர்க்கரையை வாங்கி வைக்கும் பாத்திரமே உங்களிடம் சிறியது.

இதே போல் என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். விசைத்தறி வைத்திருப்பவர், 46 வயது, 72 கிலோ, இடுப்பு 99. ட்ரைகிளிசரைடு 240, சர்க்கரை 112. டீச் சர்க்கரையை விட்டார், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தார், நடந்தார். மூன்று வாரம் கழித்து முகம் வாடி வந்தார்: "ஒரு கிலோதான் டாக்டர் குறைஞ்சிருக்கு." டேப் வைத்தால் இடுப்பு 96. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணியால் குத்திய புது ஓட்டை இருந்தது. ரத்தம் பார்த்ததில் ட்ரைகிளிசரைடு 171. எடை நகரும் முன்பே கல்லீரல் கேட்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாதம் எல்லாம் நின்றுபோனது. விசாரித்தால், சாதத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு, பசிக்கு நிலக்கடலையைக் கை கையாகச் சாப்பிட்டிருக்கிறார். கடலை நல்லதுதான், ஆனால் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல். ஒரு கைப்பிடியோடு நிறுத்தி, கொஞ்சம் சாதத்தைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி இறங்கியது. ஐந்தாம் மாதம் 67 கிலோ, இடுப்பு 91, சர்க்கரை 97.

எடை நகராவிட்டால் மனம் தளராதீர்கள் என்பதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 26.4. இரண்டையும் சேர்த்தவர்களிடம் தனியாகப் பெரிய கூடுதல் பலன் இல்லை. உணவை மாற்றியவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு இப்போதே மாத்திரை எழுத நான் அவசரப்பட மாட்டேன். மூன்று மாதம் முயன்றும் சராசரி 6-ஐத் தாண்டினால் உங்கள் டாக்டரோடு மெட்ஃபார்மின் பற்றிப் பேசலாம். வெறும் வயிற்றில் 126-ஓ, சராசரி 6.5-ஓ வந்தால் அது சர்க்கரை நோயின் எல்லை; தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுச் சாதத்தைச் சட்டென்று பாதியாக்க வேண்டாம். மருந்தின் அளவையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

மூன்று மாதம் கழித்து அதே லேபில், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு வகைகள், கல்லீரல் என்சைம் பாருங்கள். இடுப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எழுதி வையுங்கள். இடுப்பு அப்படியே இருக்க, கையும் தொடையும் மட்டும் மெலிந்தால் நீங்கள் பட்டினி கிடந்து தசையை இழக்கிறீர்கள் என்று பொருள். பருப்பையும் முட்டையையும் கூட்டி, பளுப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. பின்கழுத்தில் வெல்வெட் துணி தொட்டதுபோல் கொஞ்சம் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கறுத்திருந்தால், பெரும்பாலும் அது இன்சுலின் மிகையால் வருவதுதான். ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் இன்சுலின் அங்குள்ள தோல் அணுக்களை வளரத் தூண்டுகிறது. அக்குளையும் பாருங்கள், அங்கும் இருக்கலாம். இது அழுக்கு அல்ல. இந்தக் கறுப்போடு வரும் பிள்ளைகளில் பலருக்குக் கழுத்து சிராய்த்துப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

அவளுக்குச் சாப்பாட்டின் அளவைக் குறைக்கும் திட்டம் எதுவும் வேண்டாம், வளரும் வயது. வீட்டில் டீயிலும் பாலிலும் சர்க்கரை குறைந்து, பாட்டில் ஜூஸும் பிஸ்கெட் டப்பாவும் மறைந்து, மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாட நேரம் கிடைத்தால் அதுவே அவளுக்கான சிகிச்சை. குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை கூட்டிப்போய் உயரம், எடை, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை பாருங்கள். பருவம் அடைந்திருந்தால், மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறதா, முகத்தில் ரோமம் கூடுகிறதா என்று அவள் அம்மா கேட்டு டாக்டரிடம் சொல்லட்டும். இன்சுலின் இறங்கினால் கழுத்துக் கறுப்பும் மங்கும், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். ட்ரைகிளிசரைடு போல மூன்று வாரத்தில் மாறாது.